நீலகிரி நிலச்சரிவு வரைபடம்: லாஜிஸ்டிக் ரிக்ரஷன் சொல்லும் 0.9 உண்மையில் எவ்வளவு?

தேயிலைச்சரிவு

எல்லோருக்கும் வணக்கம். முதுகலை ஆய்வேட்டுக்காக நீலகிரி மாவட்டம் முழுவதற்கும் நிலச்சரிவு நிகழ்தகவு வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன். கையில் 280 சரிவுப் புள்ளிகள் இருக்கின்றன. பெரும்பகுதி 2009 நவம்பர் மழையில் சரிந்தவை. மிச்சம் 2018, 2019 தென்மேற்குப் பருவத்தில் கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் விழுந்தவை. சரியாத இடங்களுக்கு இன்னொரு 280 புள்ளி நானே எடுத்தேன். தவறிப்போய்ச் சரிவு இடம் எதுவும் உள்ளே வந்துவிடக் கூடாது என்று, சாய்வு 10 டிகிரிக்குக் கீழே உள்ள இடங்களில் மட்டும் எடுத்தேன். நிலத்தின் உயரத்துக்கு எடுத்த டெம் 30 மீட்டர் கட்டம்.

```r
m <- glm(ls ~ slope + sin(asp) + cos(asp) + curv + lulc + d_road,
         family = binomial, data = d)
p <- predict(stk, m, type = "response")
```

முகத்திசை `asp` ரேடியனில் இருக்கிறது, அதில் சிக்கல் இல்லை. `d_road` நூறு மீட்டர் அலகில். சரிந்ததையும் சரியாததையும் மாடல் எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறது என்று காட்டும் ஏயூசி 0.94 வந்தது. சாலைத் தூரத்தின் கெழு −0.62, அதுதான் எல்லாவற்றையும் விட வலுவாக நிற்கிறது. குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பள்ளத்தாக்கு எல்லாம் சிவப்பு. இப்போது என் கேள்வி ஒன்றுதான்: இந்த நிகழ்தகவை ஐந்து வகுப்பாகப் பிரிக்க இயற்கை முறிவு நல்லதா, சம இடைவெளி நல்லதா? வழிகாட்டி 0.8க்கு மேல் இருப்பதை "மிக அதிகம்" என்று போடச் சொல்கிறார்.

கோட்பிரியன்

0.94 அருமை. சரிந்த இடத்துக்கு ஒன்று, சரியாத இடத்துக்குப் பூஜ்யம் என இரண்டையும் சரிபாதியாக எடுத்திருக்கிறீர்கள், அதுவும் சரி. சமமாக இல்லாவிட்டால் மாடல் எல்லா இடத்தையும் "சரியாது" என்று சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்ளும். சமமாக இருந்தால்தான் வருகிற நிகழ்தகவு உண்மையானதாக இருக்கும். என் யோசனை, ரேண்டம் ஃபாரஸ்ட் போட்டுப் பாருங்கள், 0.97 தாண்டும். வகுப்புக்கு இயற்கை முறிவே போதும், எல்லாக் கட்டுரையிலும் அதுதான் இருக்கிறது.

சார்னோகைட்

தம்பி, வகுப்பு பிரிப்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். 10 டிகிரிக்குக் கீழே மட்டும் பூஜ்யம் எடுத்தீர்கள் என்றால் பாதி பூஜ்யம் எங்கே விழுந்திருக்கும் என்று வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். மசினகுடி, சீகூர் சமவெளி, முதுமலை. மிச்சம் ஏரிக்கரை, பள்ளத்தாக்கின் அடி வயல், ஊட்டியில் மைதானம் போல் இருக்கிற இடங்கள். மாடல் கற்றுக்கொண்டது "மலை சரியும், மைதானம் சரியாது" என்பதை. அதைச் சொல்ல கணினி எதற்கு? 0.94 வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இந்த மாவட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. 25 டிகிரி சாய்வுள்ள இரண்டு தேயிலை மலைகளில் ஒன்று விழுந்தது, பக்கத்தில் இருந்தது நின்றது, ஏன்? அதை மாடல் பிரித்துச் சொல்ல வேண்டுமானால் நிற்கிற 25 டிகிரி மலையும் பூஜ்யத்தில் இருந்தாக வேண்டும். சரிவுப் புள்ளிகளைச் சுற்றி ஒரு நூறு மீட்டரை விட்டுவிட்டு, மாவட்டம் முழுவதிலும் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். சில பூஜ்யங்கள் யாரும் பதிவு செய்யாத பழைய சரிவில் விழத்தான் செய்யும். சரிவு அபூர்வமான நிகழ்வு, அதனால் அந்தப் பிழை ரொம்பச் சின்னது. நீங்கள் செய்த பிழை பெரியது.

இன்னொன்று. சாய்வை நேர்கோடாக விட்டிருக்கிறீர்கள். அப்படியானால் 60 டிகிரிதான் உங்கள் வரைபடத்தில் உச்ச ஆபத்து. பீடபூமியின் விளிம்பில் 60 டிகிரியில் இருப்பது வெறும் பாறை முகம். அங்கே சரிய மண் எங்கே? பாறை உருண்டு விழலாம், அது வேறு கதை. இங்கே சரிவு என்பது சார்னோகைட் பாறை உளுத்து ஆழமாக மண்ணாகிக் கிடக்கிற இடத்தில், மழைநீர் உள்ளே ஏறி, அந்த மண் கழன்று வருவது. சாய்வு கூடக் கூட ஓரளவு வரை ஏறி, பிறகு இறங்க வேண்டும். `library(splines)` ஏற்றிவிட்டு `ns(slope, 3)` போடுங்கள், வளைவு தானாகத் தெரியும்.

கோத்தகிரி தோட்டம்

ஐயா வணக்கம். நான் படித்தவன் இல்லை, விவசாயி. கோத்தகிரிக்குக் கீழே 40 சென்ட் இருக்கிறது, மகனுக்கு வீடு கட்டலாம் என்று எண்ணம். இந்த வரைபடத்தில் என் இடம் சிவப்பா பச்சையா என்று பார்த்துச் சொல்ல முடியுமா? சர்வே எண் வேண்டுமானால் தனியாக அனுப்புகிறேன்.

தேயிலைச்சரிவு

ஐயா, சர்வே எண் வேண்டாம். ஊரின் பெயரை மட்டும் தனிச் செய்தியில் சொல்லுங்கள், பார்க்கிறேன். ஆனால் வரைபடமே இப்போது ஆட்டம் காண்கிறது போலிருக்கிறது.

@சார்னோகைட் சார், சொன்னபடி செய்தேன். பூஜ்யங்களை மாவட்டம் முழுவதிலும் எடுத்து, சாய்வுக்கு வளைவு கொடுத்ததும் ஏயூசி 0.94லிருந்து 0.79க்கு வந்துவிட்டது. சாய்வு வளைவு 35 டிகிரிப் பக்கம் உச்சம் தொட்டுப் பிறகு இறங்குகிறது, நீங்கள் சொன்ன மாதிரியே. 0.79ஐக் கொண்டுபோய் வழிகாட்டியிடம் காட்டவே தயக்கமாக இருக்கிறது. சாலைத் தூரம் மட்டும் அசையவே இல்லை, −0.6ஐ ஒட்டித்தான் நிற்கிறது.

கணக்குப்பிள்ளை

0.79 நேர்மையான எண், தாராளமாகக் காட்டுங்கள். தேர்வுத்தாள் எளிதாக இருந்ததால் வந்த மதிப்பெண் அந்த 0.94.

நான் புள்ளியியல்காரி, மலையைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் கோட்பிரியன் சொன்ன ஒரு வாக்கியத்தை அப்படியே விட மனசு வரவில்லை: "சமமாக இருந்தால்தான் நிகழ்தகவு உண்மையானது." உண்மை அதற்கு நேர் எதிர்.

உங்கள் மாவட்டம் ஏறக்குறைய 2,550 சதுர கிலோமீட்டர். 30 மீட்டர் கட்டம் ஒன்று 900 சதுர மீட்டர். ஆக, கிட்டத்தட்ட 28 லட்சம் கட்டங்கள். அதில் சரிவு பதிவானது 280. பத்தாயிரத்துக்கு ஒன்று. நீங்கள் மாடலுக்குக் காட்டிய உலகத்தில் இரண்டுக்கு ஒன்று. அந்த உலகத்தில் ஓர் இடத்துக்கு 0.9 வருகிறது என்றால், அந்த மாதிரி இடங்களில் சரிந்ததும் சரியாததும் 9க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கின்றன என்று பொருள். உண்மையான மாவட்டத்தில் பூஜ்யங்கள் நீங்கள் எடுத்ததைப் போல பத்தாயிரம் மடங்கு. எனவே அந்த 9க்கு 1 என்பது 9க்கு 10,000 ஆகிவிடுகிறது. நிகழ்தகவு 0.0009. ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை.

நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு சின்னச் சோதனை. பூஜ்யங்களை 280க்குப் பதில் 2,800 எடுத்து அதே மாடலை ஓட்டுங்கள். சாய்வு, முகத்திசை கெழுக்கள் பெரிதாக மாறாது. வெட்டுத்துண்டு மட்டும் சுமார் 2.3 இறங்கும், ஏனென்றால் ln 10 அவ்வளவுதான். முன்பு 0.9 காட்டிய இடம் இப்போது 0.47 காட்டும். மலையில் ஒரு கல்லும் நகரவில்லை, நீங்கள் எடுத்த பூஜ்யத்தின் எண்ணிக்கைதான் மாறியது. அப்புறம் 0.8க்கு மேல் "மிக அதிகம்" என்பதற்கு என்ன அர்த்தம்?

திருத்துவது ஒரே வரி:

```r
tau  <- 280 / 2.8e6
ybar <- mean(d$ls)
b0   <- coef(m)[1] - log(((1 - tau) / tau) * (ybar / (1 - ybar)))
```

மற்றக் கெழுக்களை அப்படியே விட்டுவிடலாம். லாஜிஸ்டிக் ரிக்ரஷனின் அழகே இதுதான், மாதிரி எடுத்த விகிதத்தின் பாதிப்பு முழுவதும் வெட்டுத்துண்டில் போய் ஒதுங்கிவிடும். ரேண்டம் ஃபாரஸ்டில் இப்படி ஒரே எண்ணைக் கழித்துவிட்டு நகர முடியாது.

கோட்பிரியன்

அக்கா, கணக்கு புரிகிறது. ஆனால் வரிசை மாறவில்லையே? 0.9 இடம் 0.5 இடத்துக்கு மேலேதான் இருக்கப் போகிறது. ஏயூசியும் மாறாது. வரைபடத்தின் நிறமும் மாறாது. அப்படியிருக்க எதற்கு இவ்வளவு பாடு?

கணக்குப்பிள்ளை

வரிசை மாறாது, அதில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. வரிசைதான் வேண்டும் என்றால் "ஒப்பீட்டு வாய்ப்பு" என்று தலைப்பிட்டுவிட்டுத் திருத்தாமலே போடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. "நிகழ்தகவு" என்று தலைப்பிட்டு 0.9 என்று எழுதினால்தான் தகராறு. மேலே ஒரு பெரியவர் வீடு கட்டலாமா என்று கேட்கிறார். அவர் 0.9ஐப் பார்த்தால் பத்து வருஷத்தில் ஒன்பது வருஷம் வீடு போகும் என்று படிப்பாரா மாட்டாரா?

பதுளை மைந்தன்

நான் இலங்கையில் இருந்து எழுதுறேன். பதுளை மாவட்டம். இங்க தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலயப் படம் போட்டு வைத்திருக்கிறது. அது ரிக்ரஷன் இல்லை. சாய்வு, பாறை, மண்படை, நிலப்பயன்பாடு, நீரோட்டம் இப்படி ஒவ்வொன்றுக்கும் நிபுணர்கள் புள்ளி கொடுத்துக் கூட்டுகிற முறை.

தம்பியிடம் ஒன்று கேட்கலாமா? உங்கள் 280 புள்ளியும் சரிவின் எந்த இடத்தில் இருக்கிறது, மேலே மண் பிடுங்கிக்கொண்ட இடத்திலா, கீழே மண் வந்து கிடந்த இடத்திலா? 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் புதைந்தன. அந்தச் சனம் இருந்தது சரிந்து வந்த இடத்துக்குக் கீழே. நீங்கள் போடுகிற படம் மலை எங்கே உடையும் என்று சொல்லும், யாருடைய தலையில் போய் விழும் என்று சொல்லுமா?

சார்னோகைட்

@பதுளை மைந்தன் ரொம்பச் சரியான இடத்தில் கை வைத்தீர்கள். தம்பி, உடனே போய் இரண்டு விஷயம் பாருங்கள். 280இல் எத்தனை புள்ளிகள் 8 டிகிரிக்கும் குறைவான சாய்வில் இருக்கின்றன? எத்தனை புள்ளிகளுக்குச் சாலைத் தூரம் 15 மீட்டருக்குள் இருக்கிறது?

தேயிலைச்சரிவு

சார், பார்த்துவிட்டேன். 8 டிகிரிக்குக் கீழே 41. சாலைக்கு 15 மீட்டருக்குள் 96. இந்த 41இல் பெரும்பாலானவை அந்த 96க்குள்ளேயே இருக்கின்றன.

சார்னோகைட்

எதிர்பார்த்ததுதான். இந்தப் பதிவு எப்படி உருவாகிறது என்று யோசியுங்கள். மேட்டுப்பாளையம் – குன்னூர் சாலையில் மண் விழுகிறது. காலையில் ஜேசிபியோடு ஆட்கள் போகிறார்கள். அவர்களில் ஒருவர் சாலையில் நின்றுகொண்டு ஜிபிஎஸ்ஸில் ஓர் அளவு எடுத்துக்கொள்கிறார். சரிந்து வந்த இடம் அவர் தலைக்கு மேலே 60 மீட்டரில், லாண்டனா புதருக்குள்ளே இருக்கிறது. அங்கே ஏறிப் போய் யார் அளவெடுப்பார்கள்? பதிவேட்டில் ஏறுவது அவர் நின்ற இடம்: சாலைத் தூரம் பூஜ்யம், சாய்வு 5 டிகிரி. உங்கள் மாடல் கற்றுக்கொண்டதில் ஒரு பங்கு, ஊழியர் எங்கே நின்றார் என்பதைத்தான்.

கூகுள் எர்த்தில் பழைய படங்களைத் திறந்து, 2009க்குப் பிந்தைய தெளிவான படத்தில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். தேயிலைப் பச்சைக்கு நடுவே செம்மண் தழும்பு நன்றாகவே தெரியும். தழும்பின் மேல் முனைக்குப் புள்ளியை நகர்த்துங்கள். தழும்பு தெரியாதவற்றைத் தனியாக வையுங்கள். 1978, 1993 சரிவுகளையும் சேர்க்கலாம் என்ற எண்ணம் வந்தால் வேண்டாம். மரப்பாலம் மாதிரிப் பெரிய நிகழ்வுக்கு இடம் தெரியும், ஆனால் பழைய அறிக்கைகளில் பல சரிவுகளுக்கு ஊர் பெயர் மட்டும்தான் இருக்கும். அரை கிலோமீட்டர் தள்ளிப் போன புள்ளிக்கு 30 மீட்டர் டெம்மில் சாய்வு படிப்பதில் அர்த்தமில்லை.

டெம் எதுவென்று நீங்கள் சொல்லவில்லை. எஸ்ஆர்டிஎம் என்றால் 2000 பிப்ரவரியில் எடுத்தது, சரிவுக்கு முந்தைய மலை. கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர் என்றால் 2010க்குப் பிந்தைய தரவு, சரிந்து முடிந்த மலை. பெரிய சரிவாக இருந்தால் அது உங்களுக்குக் கொடுப்பது காயத்தின் சாய்வு. நிலப்பயன்பாட்டிலும் இதே கதைதான். இன்றைய வகைப்பாட்டில் "புதர்" என்று வருகிற இடம் 2009இல் தேயிலையாக இருந்து, சரிந்த பிறகு புதர் மண்டியிருக்கலாம். புதர் ஆபத்து என்று கெழு வந்தால் நம்பிவிடாதீர்கள்.

கோத்தகிரி தோட்டம்

தம்பி ஊர் பெயரை வைத்துப் பார்த்துவிட்டு 0.82 என்று எனக்கு எழுதியிருந்தார். அப்படியென்றால் நூற்றுக்கு எண்பத்திரண்டு விழுமா? இடத்தை வாங்கியாகிவிட்டது. பின்னால் மண்ணை வெட்டி 12 அடிக்கு நேராக நிறுத்தித் தளமும் சமன் செய்தாகிவிட்டது.

கணக்குப்பிள்ளை

இல்லை ஐயா. அந்த 0.82 திருத்தாத எண். திருத்தினால் ஏறக்குறைய 2,200இல் ஒன்று. அதுவும் உங்கள் மனைக்கென்று சொன்னதில்லை. அந்த மாதிரிச் சாய்வும் திசையும் உள்ள 30 மீட்டர் கட்டங்களில், பதிவில் உள்ள காலம் முழுவதிலும், 2,200இல் ஒன்றில் ஒரு சரிவு தொடங்கியதாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. அவ்வளவுதான் அந்த எண்ணுக்குத் தெரியும்.

தேயிலைச்சரிவுக்கும் ஒரு வார்த்தை. கட்டத்துக்குக் கட்டம் இந்த எண் சின்னதாகத் தெரிந்தாலும் கூட்டிப் பார்த்தால் சுவாரசியமாகும். அதே தன்மையுள்ள 500 கட்டங்கள், அதாவது 45 ஹெக்டேர் மலைச்சரிவு ஒன்றை எடுத்தால் 500ஐ 2,200ஆல் வகுத்து 0.23 வருகிறது. அப்படி நான்கைந்து மலைச்சரிவு இருந்தால் அவற்றில் ஏதோ ஒன்றில் ஒரு சரிவு பதிவாகியிருக்கும். மாவட்டம் முழுவதற்கும் கூட்டினால் 280க்குப் பக்கத்தில் வர வேண்டும். வராவிட்டால் திருத்தத்தில் எங்கோ கை நழுவியிருக்கிறது. இதைவிட எளிய சரிபார்ப்பு எனக்குத் தெரியாது.

ஆண்டு எண்ணிக்கையால் வகுத்து "வருஷத்துக்கு இவ்வளவு" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். உங்கள் புள்ளிகளில் பெரும்பகுதி ஒரே நவம்பரில் வந்தவை. மழை எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை அப்படிப் பெய்யும் என்பது தனிக் கணக்கு, இந்த மாடலுக்குள் மழையே இல்லை.

சார்னோகைட்

கோத்தகிரி ஐயாவுக்கு: வரைபடத்தை மறந்துவிடுங்கள். 12 அடி நேர்வெட்டு என்பது 30 மீட்டர் கட்டத்துக்குக் கண்ணில்கூடப் படாத விஷயம், உங்களுக்கோ அதுதான் முழு விஷயம். பச்சையில் இருந்தாலும் அந்த வெட்டு விழும். மழைக்கு முன்னால் வெட்டுக்கு மேலே மண்ணில் பிறைபோல வெடிப்பு ஓடுகிறதா, வெட்டின் அடியில் கலங்கல் நீர் கசிகிறதா, மேலே இருக்கிற மரம் சாய்கிறதா என்று பாருங்கள். மேலிருந்து வருகிற தண்ணீரை வெட்டுக்குள் இறங்க விடாமல் வாய்க்கால் போட்டுப் பக்கவாட்டில் திருப்புங்கள். தடுப்புச் சுவர் கட்டினால் கசிவுத் துளை வைக்காமல் கட்டாதீர்கள். சுவர் போடுவதற்கு முன் ஒரு மண் பொறியாளரை நேரில் கூட்டிவந்து காட்டுங்கள். இதெல்லாம் மன்றத்தில் உட்கார்ந்து சொல்கிற விஷயம் இல்லை.

தேயிலைச்சரிவு

தாமதத்துக்கு மன்னிக்கவும், புள்ளிகளை நகர்த்துவது கண்ணைப் பிடுங்குகிற வேலை. 280இல் 231க்குத் தழும்பு கிடைத்தது, மேல் முனைக்கு நகர்த்திவிட்டேன். மிச்சம் 49ஐ ஒதுக்கிவிட்டேன், பெரும்பாலும் சாலையோரச் சின்னச் சரிவுகள். டெம் எஸ்ஆர்டிஎம்தான், தப்பித்தேன். திரும்ப ஓட்டியதில் சாலைத் தூரக் கெழு −0.6லிருந்து −0.28க்கு வந்துவிட்டது. முன்பு நூறு மீட்டர் விலகினால் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியானது, இப்போது கால் பங்குதான் குறைகிறது.

மீதமுள்ள −0.28ஐ என்ன செய்வது? சாலை வெட்டினால் மலை பலவீனமாவது உண்மை. சாலையோரத்துச் சரிவைத்தான் எல்லோரும் பதிவு செய்கிறார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

கணக்குப்பிள்ளை

இந்தத் தரவை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. நான் செய்வதானால், பொருத்தும்போது சாலைத் தூரத்தை உள்ளே வைத்திருப்பேன், அப்போதுதான் அந்தப் பதிவுச் சார்பு மற்றக் கெழுக்களில் போய் ஒட்டாது. கணிக்கும்போது மட்டும் எல்லாக் கட்டத்துக்கும் ஒரே தூரத்தைக் கொடுத்துவிடுவேன், 300 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் சாலை நெடுக ஓடுகிற சிவப்பு நாடா மறைந்துவிடும்.

சார்னோகைட்

இதில் நான் ஒத்துப்போக மாட்டேன். அந்தச் சிவப்பு நாடாவில்தான் பேருந்து போகிறது. 1993 நவம்பரில் மரப்பாலத்தில் ஆட்கள் செத்தது அந்தச் சாலையில்தான். அதைச் சமன் செய்து மறைத்துவிட்டு "இயற்கைச் சரிவின் வாய்ப்பு" என்று வரைபடம் கொடுத்தால் மாவட்ட நிர்வாகம் அதை வைத்து என்ன செய்யும்? என்னைக் கேட்டால் இரண்டு மாடல். வெட்டுச்சரிவுக்கு ஒன்று, சாலையோரத்துக்கு மட்டும், வெட்டின் உயரமும் வடிகாலும் களத்தில் அளந்து. இயற்கைச் சரிவுக்கு இன்னொன்று, சாலை அம்சமே இல்லாமல், செயற்கைக்கோள் படத்தில் பார்த்துக் குறித்த தழும்புகளை மட்டும் வைத்து. ஒதுக்கிய 49 புள்ளிகளைத் தூக்கிப் போடாதீர்கள், அவை முதல் மாடலின் புள்ளிகள்.

மறுபக்கமும் இருக்கிறது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலையை அழித்த சரிவு தொடங்கியது ஏறக்குறைய 1,550 மீட்டர் உயரத்தில், காட்டுக்குள்ளே. சாலைத் தூரத்தை நம்பிப் போட்ட மாடல் அந்த உச்சியைப் பச்சையாகத்தான் காட்டியிருக்கும். மண்ணும் பாறையும் கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர் ஆற்றோடு ஓடின. பதுளை நண்பர் கேட்ட கேள்வி இதுதான், அதற்கு ரிக்ரஷனில் பதில் இல்லை. தொடங்கும் இடங்களை இதிலிருந்து எடுத்து, ஓட்டத்தைத் தனி மாடலில் கீழே இறக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை

வெட்டின் உயரத்தைக் களத்தில் அளக்கிற நேரமும் காசும் ஒரு முதுகலை மாணவருக்கு ஏது? சமன் செய்தேன் என்று தலைப்பிலேயே எழுதிவிட்டால் யாரும் ஏமாறப் போவதில்லை. சரி, இதில் நாம் இருவரும் ஒத்துப்போகப் போவதில்லை, அவரே முடிவு செய்யட்டும்.

ஒன்று மட்டும் கட்டாயம் செய்யுங்கள். கூடலூர், பந்தலூர் வட்டங்களை முழுவதுமாக வெளியே வைத்துவிட்டு, குன்னூர், கோத்தகிரி, உதகை, குந்தா நான்கையும் வைத்து மாடலைப் பொருத்துங்கள். பிறகு வெளியே வைத்ததில் சோதியுங்கள். சும்மா கலைத்துப் போட்டு 70, 30 என்று பிரித்தால் சோதனைப் புள்ளிக்கு இருநூறு மீட்டரில் ஒரு பயிற்சிப் புள்ளி உட்கார்ந்திருக்கும், எல்லாம் நன்றாகவே தெரியும்.

தேயிலைச்சரிவு

செய்தேன். 0.61.

கோட்பிரியன்

நானும் அவர் அனுப்பிய தரவில் ரேண்டம் ஃபாரஸ்ட் ஓட்டினேன். கலைத்துப் பிரித்தால் 0.91. கூடலூர், பந்தலூரை வெளியே வைத்தால் 0.57. லாஜிஸ்டிக்கை விடக் கீழே போனதை எதிர்பார்க்கவில்லை.

சார்னோகைட்

0.61க்குக் காரணம் முகத்திசைக் கெழுவில் இருக்கும், பாருங்கள். `sin(asp)` நேர்க்குறியோடு பெரிதாக வந்திருக்குமே?

தேயிலைச்சரிவு

ஆமாம் சார், 0.8ஐ ஒட்டி. கிழக்குச் சரிவு ஆபத்து என்று நினைத்தேன்.

சார்னோகைட்

கிழக்குச் சரிவு ஆபத்து இல்லை தம்பி, 2009 நவம்பரில் கிழக்குச் சரிவில் மழை. வடகிழக்குப் பருவக் காற்று வந்து மோதுவது குன்னூர், கோத்தகிரிப் பக்கம். கூடலூர், பந்தலூருக்கு மழை தென்மேற்கிலிருந்து வருகிறது, அங்கே மேற்கு முகம் நனையும். உங்கள் மாடல் ஒரே புயல்மழையின் நிழலை எடுத்து மாவட்டத்தின் குணம் என்று எழுதிவைத்திருக்கிறது. பந்தலூரில் அது தலைகீழாகத்தான் வேலை செய்யும்.

முகத்திசையை எடுத்துவிட்டால் ஒரு வழி. பருவம் வாரியாக இரண்டு மாடல் போட்டால் இன்னொரு வழி, ஆனால் 2018, 2019 புள்ளிகள் அதற்குப் போதுமா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

தேயிலைச்சரிவு

நகர்த்தியது போக அந்தப் பக்கம் 52 புள்ளிகள்தான் மிச்சம். முகத்திசையை எடுத்துவிட்டு ஓட்டினேன். மாவட்டம் முழுவதற்குமான ஏயூசி 0.74க்கு இறங்கியது, வெளியே வைத்த கூடலூர், பந்தலூரில் 0.68க்கு ஏறியது. இதையே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். இப்போது `tau` 231ஐ 28 லட்சத்தால் வகுத்தது. கூட்டிப் பார்த்தேன், மாவட்டம் முழுவதற்கும் 228 வருகிறது.

வகுப்புகளை இப்படிப் பிரித்தேன்: அதிக மதிப்புள்ள 5 சதவீதப் பரப்பு, அடுத்த 10, அடுத்த 20, மிச்சம். விளக்கக் குறிப்பில் நிகழ்தகவு என்று எழுதாமல் "மாவட்டச் சராசரியைப் போல் எத்தனை மடங்கு" என்று எழுதினேன். முதல் 5 சதவீதத்தில் 231இல் 53 சரிவுகள் விழுகின்றன, அதாவது சராசரியைப் போல் நாலரை மடங்கு. சாலையைச் சமன் செய்த வரைபடம், செய்யாத வரைபடம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டேன். வழிகாட்டி 0.94 எங்கே போயிற்று என்று கேட்டார், மசினகுடியைக் காட்டினேன்.

பதுளை மைந்தன்

நல்லது தம்பி. அந்த 53இன் அடிவாரத்தில் எத்தனை லயம், எத்தனை வீடு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தீர்களா?

தேயிலைச்சரிவு

இன்னும் இல்லை அண்ணன். கட்டடங்களின் அடுக்கை இப்போதுதான் இறக்கிக்கொண்டிருக்கிறேன். ஓட்டத்தின் தூரத்துக்கு எந்த மாடல் நம் பக்கத்து மண்ணுக்கு ஒத்துவரும் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.